மத்தியானத் தூக்கமும் காம்ரேட்ஸ் பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரி பிறந்தால் டர்பனில் எங்கள் ஓட்டக் கூட்டத்துக்கு விடியற்காலை என்பது நாலு மணி. கோடையில் ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும், ஏழு மணிக்குள் சட்டை பிழியலாம். அதனால் இருட்டிலேயே கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புகிறோம். ஜூனில் காம்ரேட்ஸ் ஓட்டப் போட்டி. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவில் ஏறத்தாழ 88 கிலோமீட்டர், 12 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். இந்த ஐந்து மாதமும் எல்லோரும் பகலில் எங்கேயாவது கண் அயர்கிறோம். ஆனால் எப்போது, எவ்வளவு நேரம் என்பதில்தான் குழப்பம். ஓட்டம் முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கும்போது என்னிடம் கேட்கப்படுபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. இரண்டு தடவை ஓடி முடித்தவன், ஒரு தடவை வழியிலேயே பஸ் ஏறியவன்.

வேலை நாளில் மத்தியானம் எத்தனை நிமிஷம் தூங்கலாம்?

20 முதல் 25 நிமிஷம். படுத்ததும் எல்லோருக்கும் தூக்கம் வந்துவிடாது, அதனால் அலாரத்தை 30 நிமிஷத்துக்கு வையுங்கள்.

தூக்கம் படிப்படியாக இறங்கும். முதலில் லேசான தூக்கம். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விழித்துவிடுவோம். அரை மணி நேரம் தாண்டும்போது பெரும்பாலானவர்கள் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுகிறார்கள். அங்கிருந்து அலாரம் நம்மை இழுத்தால் எழுந்திருப்பது உடம்பு மட்டும்தான். மூளைக்கு இன்னும் அரை மணி நேரம் பிடிக்கும். 45 நிமிஷம் தூங்கி எழுந்து, தூங்காமலே இருந்திருக்கலாமே என்று தோன்றுவது இதனால்தான்.

ஆழத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் முழுச் சுற்றும் போய்த் திரும்புங்கள். அதற்குச் சுமார் 90 நிமிஷம் ஆகும். ஒரு சுற்று முடியும்போது தூக்கம் மறுபடி லேசாகும், எழுவதும் சுலபம். வேலை நாளில் அதற்கு நேரம் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும், அதைக் கீழே சொல்கிறேன்.

20 நிமிஷம்தான் தூங்கினேன். அப்படியும் எழுந்தால் தலை கனக்கிறதே?

ராத்திரித் தூக்கம் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். பல நாளாகக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு மூளை படிக்கட்டில் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை, பத்துப் பதினைந்து நிமிஷத்திலேயே நேராகக் கிணற்றில் குதித்துவிடும். அந்த வாரம் அலாரத்தை 15 நிமிஷத்துக்குக் குறைத்துப் பாருங்கள். எழுந்ததும் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டு வெளிச்சத்தில் நில்லுங்கள். காரை எடுக்க வேண்டியிருந்தால் அரை மணி நேரம் பொறுத்து எடுங்கள். தூக்கக் கலக்கத்தில் எம்4 நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுவதைவிட வேலைக்குத் தாமதமாகப் போவது மேல்.

எத்தனை மணிக்குத் தூங்கினால் ராத்திரித் தூக்கம் கெடாது?

மத்தியானம் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில். அந்த நேரத்தில் உடம்பின் கடிகாரமே சற்றுத் தொய்கிறது. சாப்பாட்டின்மேல் முழுப் பழியையும் போடுகிறோம், ஆனால் சாப்பிடாதவர்களுக்கும் அந்தத் தொய்வு வரும்.

தூக்கம் பசியைப் போலத்தான். காலையில் எழுந்ததிலிருந்து மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரத் தூக்கப் பசி ஏறும், தூங்கினால் இறங்கும். மாலை ஆறு மணிக்கு நாலு சமோசா தின்றுவிட்டு எட்டு மணிக்கு இலை போட்டால் என்ன ஆகும்? அதேதான். ஐந்து மணி வரை தூங்கியவர் ஒன்பதரைக்குக் கட்டிலில் புரளுவார், கடைசியில் தூங்கினாலும் முதல் சுற்றின் ஆழம் குறையும்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது: குட்டித் தூக்கம் முடிவதற்கும் ராத்திரி படுப்பதற்கும் நடுவில் 6 மணி நேரமாவது இருக்கட்டும், 90 நிமிஷத் தூக்கம் என்றால் 8 மணி நேரம். காலையில் 3.45-க்கு எழுகிறவர் ஒன்பதுக்குள் படுக்க வேண்டும். எனவே குட்டித் தூக்கம் மூன்று மணிக்குள், பெரிய தூக்கம் ஒரு மணிக்குள் முடிந்திருக்க வேண்டும். அலுவலகத்தில் வேலை பார்க்கும் யாருக்கும் இது கச்சிதமாக அமைவதில்லை. பத்து நிமிஷம் இப்படி அப்படிப் போனால் ஒன்றும் குடி முழுகாது.

அண்ணா, பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் சோபாவில் அப்படியே தூங்கிவிடுகிறேன். ராத்திரி 11 ஆனாலும் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

இதைக் கேட்டவர் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் ஓர் ஆசிரியை, எனக்குத் தங்கை மாதிரி. அவருடைய நாளை இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தோம். அதையே இங்கே வைக்கிறேன், ஏனென்றால் பாதிப் பேருடைய நாள் இப்படித்தான் இருக்கிறது.

3.45-க்கு எழுவார். 4.15 முதல் 5.45 வரை ஓட்டம். ஓடி வந்ததும் எதுவும் இறங்காது, டீயும் ஒரு ரஸ்க்கும்தான். பத்து மணி இடைவேளையில் ஒரு மஃபின். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, டப்பா அப்படியே திரும்பி வரும். 3.15-க்கு வீடு. 3.45-க்கு சோபா. எழுவது 5.30. அப்போது வருமே ஒரு பசி, சிப்ஸ் பாக்கெட், நேற்று மிஞ்சிய ரொட்டி, ஆச்சார் என்று கையில் கிடைத்ததெல்லாம் போகும். அதனால் ராத்திரிச் சாப்பாடு 8.30-க்குத் தள்ளிப்போகும். 9.30-க்குப் படுப்பார், தூங்கும்போது 11.15. ராத்திரித் தூக்கம் நாலரை மணி நேரம், சோபாத் தூக்கம் ஒன்றே முக்கால் மணி நேரம்.

சோபாத் தூக்கத்தை முழுக்க நிறுத்தச் சொன்னால் யாராலும் முடியாது, நான் சொல்லவும் இல்லை. முதலில் டப்பாவை மாற்றினோம். சுகர் பீன்ஸ் கறியும் இரண்டு ரொட்டியும், சுருட்டி நின்றுகொண்டே சாப்பிடுகிற மாதிரி, 12.45-க்கு. பள்ளி 2.30-க்கு விட்டதும் கிளம்பாமல், ஆசிரியர் அறையில் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு 2.40 முதல் 3.05 வரை தூக்கம். காரில் தூங்க வேண்டாம் என்றேன். ஜன்னலை மூடினால் வேகும், திறந்தால் நம் ஊர் நிலவரம் உங்களுக்கே தெரியும். ராத்திரிச் சாப்பாடு 6.45-க்கு, படுக்கை ஒன்பதுக்கு.

முதல் வாரம் படுதோல்வி. மூன்றாம் நாளே 4.30-க்கு சோபா அவரை விழுங்கிவிட்டது. உடம்பு பழைய நேரத்துக்குப் பழகிப்போயிருந்தது. அதனால் அந்த நேரத்தில் உட்காரவே கூடாது என்று வைத்துக்கொண்டார். காய் நறுக்குவது, துணி மடிப்பது, வாசலில் நடப்பது என்று 4 முதல் 6 வரை கால்மேல் நின்றார். பத்து நாள் போல ஆனது. அதன் பிறகு 9.20-க்கெல்லாம் தூங்கிவிடுகிறார். ராத்திரி ஆறேகால், ஆறரை மணி நேரம் கிடைக்கிறது. இது போதும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வியாழக்கிழமை மேட்டு ஓட்டத்தில் அவர் முகத்தைப் பார்த்தாலே வித்தியாசம் தெரிகிறது. மாலைச் சிப்ஸ் பாக்கெட்டும் தானாக நின்றுபோனது.

ராத்திரி நாலரை, பகலில் இரண்டு. கூட்டினால் ஆறரை தானே? எதற்கு இவ்வளவு பாடு?

கூட்டல் சரி, பண்டம் ஒன்றல்ல. ராத்திரியின் முதல் மூன்று நான்கு மணி நேரத்தில்தான் ஆழ்ந்த தூக்கம் அதிகம். தசையைப் பழுது பார்ப்பதில் பங்குள்ள வளர்ச்சி ஹார்மோன் பெருமளவில் சுரப்பதும் அப்போதுதான். கடைசி இரண்டு மணி நேரத்தில் கனவுத் தூக்கம் அதிகம். 11.15-க்குத் தூங்கி 3.45-க்கு எழுகிறவர் அந்தக் கடைசிப் பங்கை வெட்டி எறிகிறார். மாலை சோபாவில் கிடைப்பது பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கம், அதாவது ராத்திரியின் முதல் பங்கிலிருந்து முன்கூட்டியே எடுத்த கடன். வெட்டுப்பட்ட பங்கு அந்தச் சோபாவில் திரும்பி வருவதில்லை.

சரியான நேரத்தில் தூங்கும் குட்டித் தூக்கத்துக்கு நிஜமாகவே பலன் உண்டு. 2007-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனையில், ராத்திரி 4 மணி நேரம் மட்டும் தூங்கியவர்களை மத்தியானம் அரை மணி நேரம் தூங்கவிட்டுப் பிறகு குறுந்தூரம் ஓடச் சொன்னார்கள். தூங்காமல் ஓடியதைவிட அவர்கள் வேகமாக ஓடினார்கள். ஒரு மோசமான ராத்திரியின் மறுநாளைச் சமாளிக்க அது உதவும். மாதக்கணக்கில் ராத்திரியைச் சுரண்டிக்கொண்டே இருப்பதற்கு அது ஈடாகாது.

ஞாயிறு 32 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்ததும் குளித்துவிட்டுத் தூங்கிவிடலாமா? பசியே எடுப்பதில்லை.

சாப்பிட்ட பிறகு தூங்குங்கள். நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான், நானும் மூன்று வருஷம் செய்தேன்.

நீண்ட ஓட்டம், அதுவும் வெயிலில் முடிந்த ஓட்டம், பசியைச் சில மணி நேரம் அமுக்கிவிடும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கடும் உழைப்புக்குப் பிறகு தற்காலிகமாக இறங்குகிறது. வயிறு காலி, ஆனால் மணி அடிப்பதில்லை. அப்படியே படுத்து இரண்டு மணிக்கு எழுந்தால் மணி மட்டுமல்ல, கோயில் காண்டாமணியே அடிக்கும். ரொட்டிக்குள் கறி நிரப்பிய ஒரு முழு பன்னி சௌவைத் தனி ஆளாக முடித்துவிட்டு, அது செரிக்காமல் ராத்திரி பத்து மணிக்கு நெஞ்செரிச்சலோடு உட்கார்ந்திருந்திருக்கிறேன். திங்கட்கிழமை ஓட்டம் அவ்வளவுதான்.

ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் மாவுச்சத்து, அதோடு 20 முதல் 25 கிராம் புரதம் உள்ளே போக வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இரண்டு துண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம், இரண்டு முட்டை, அரை லிட்டர் பால் அல்லது மாஸ் என்ற புளித்த பால் எடுத்துக்கொண்டால் கணக்குக்கு மேலேயே வந்துவிடும். மெல்லப் பிடிக்கவில்லை என்றால் பாலையும் பழத்தையும் மிக்சியில் அடித்துக் குடியுங்கள், திரவம் இறங்கும். சாப்பிட்டதும் தொப்பென்று படுக்காமல் ஒரு மணி நேரம் போகட்டும். அதற்குள் தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடியுங்கள். மொத்தமாகக் குடித்தால் தூக்கத்தின் நடுவில் எழுப்பும், குடிக்காமல் படுத்தால் எழும்போது மண்டையிடி.

4.30-க்குத் தொடங்கி 8.15-க்கு ஓட்டம் முடிந்தது என்று வையுங்கள். ஒன்பதுக்கு வீடு, 9.15-க்குச் சாப்பாடு, 10.45 முதல் 12.15 வரை முழுச் சுற்றுத் தூக்கம். ராத்திரி ஒன்பதுக்கு இன்னும் எட்டே முக்கால் மணி நேரம் இருக்கிறது, கெடுதல் இல்லை. முற்பகல் தூக்கத்தில் கனவுத் தூக்கத்தின் பங்கு அதிகம். அதிகாலை அலாரம் பறித்ததில் கொஞ்சம் அங்கே திரும்பும். எழுந்ததும் மத்தியானச் சாப்பாடு வழக்கமான நேரத்தில் அமையும். மாமியார் வீட்டு விருந்து ஒரு மணிக்கு என்றால் இன்னும் வசதி.

பகலில் தூங்கினால் எடை போடும் என்கிறாள் அம்மா. இவ்வளவு ஓடியும் எனக்கு எடை ஏறுகிறதே?

அம்மாக்கள் சொல்வதைச் சட்டென்று தள்ளிவிட முடியாது, ஆனால் குற்றவாளி பகல் தூக்கம் அல்ல, அது கெடுத்த ராத்திரி. 2004-இல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு ராத்திரி நாலு மணி நேரமும், இன்னொரு தடவை இரண்டு ராத்திரி பத்து மணி நேரமும் படுக்கவிட்டார்கள். குறைவாகத் தூங்கியபோது, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. இனிப்பும் உப்பும் மாவும் கலந்த பண்டங்களின்மேல்தான் ஆசை அதிகம் போனது. பிறகு வந்த எல்லாச் சோதனைகளிலும் ஹார்மோன் கணக்கு இப்படியே வரவில்லை. ஆனால் தூக்கம் குறைந்தால் தின்பது கூடுகிறது என்பது திரும்பத் திரும்ப வந்தது.

மறுபக்கமும் பார்த்தார்கள். 2022-இல் வெளிவந்த ஆய்வில், ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும், எடை கூடிய 80 பேரில் ஒரு பாதியை இரண்டு வாரம் அதிகமாகத் தூங்கவைத்தார்கள். உணவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூக்கம் கூடியவர்கள், பழையபடி தூங்கியவர்களைவிட ஒரு நாளைக்குச் சுமார் 270 கலோரி குறைவாக எடுத்துக்கொண்டார்கள். நம் கணக்கில் நெய் தடவிய இரண்டு ரொட்டி.

ஆகவே மாலைப் பசியைப் பார்த்து, ஓடினேன், பசிக்கிறது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒரு சின்னச் சோதனை: இரண்டு வாரம் ராத்திரிப் படுக்கை நேரத்தையும், மாலை ஐந்துக்கு மேல் கொறித்ததையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கொறித்தது அதிகமான நாள்களுக்கு முந்தைய ராத்திரிகள் குட்டையாக இருந்தால் விஷயம் தூக்கம். ராத்திரி நன்றாகத் தூங்கியும் அதே பசி என்றால் பகலில் சாப்பாடு போதவில்லை.

தூங்குவதற்கு முன்னால் காபி குடித்தால் நல்லது என்கிறார்களே?

காபி வேலை செய்ய 20, 30 நிமிஷம் ஆகும். அதனால் குடித்துவிட்டு உடனே கண் மூடினால் எழும்போது அது தயாராக இருக்கும். தந்திரம் பலிக்கும்தான். ஆனால் குடித்ததில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். இரண்டரை மணிக்குக் குடித்துவிட்டு ஒன்பதுக்குத் தூங்க நினைப்பவருக்கு அது ஒத்துவராது. மத்தியானத்துக்கு மேல் ஏதாவது சூடாக வேண்டும் என்றால் ரூய்போஸ் குடியுங்கள், அதில் காஃபீன் கிடையாது. எங்கள் வீட்டில் அதிலும் இஞ்சியைத் தட்டிப் போட்டுவிடுவோம்.

எனக்குச் சர்க்கரை வியாதி. ஓடிவிட்டுத் தூங்கலாமா?

இன்சுலின் போடுகிறவர்களும், இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை எடுப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு பல மணி நேரம் தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். விழித்திருந்தால் வியர்வை, நடுக்கம் என்று தெரியும். தூக்கத்தில் தெரியாமல் போகலாம். சர்க்கரை அளவைப் பார்க்காமலும், சாப்பிடாமலும் படுக்காதீர்கள். வீட்டில் யாரையாவது ஒரு மணி நேரத்தில் எழுப்பச் சொல்லுங்கள். மருந்தின் அளவை உங்கள் டாக்டரிடம் பேசுங்கள், ஓட்டக் கூட்டத்தில் கேட்காதீர்கள்.

ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கியும் தினமும் பகலில் கண் சொருகுகிறது. அலாரம் வைத்தாலும் எழ முடியவில்லை.

இதற்கு என் கணக்குகள் உதவாது. பெண்களுக்கும் சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும் இரும்புச்சத்துக் குறைவு அடிக்கடி காரணமாக இருக்கும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பலத்த குறட்டை, நடுநடுவே மூச்சு நின்று திணறுவதாகப் பக்கத்தில் படுப்பவர் சொல்கிறார் என்றால் தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கலாம். ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு பல வாரமாகப் போதாமல் இருந்தாலும் இப்படித்தான் துவளும். மாதவிலக்கு நின்றுபோயிருந்தால் அதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

போட்டிக்கு முந்தின நாள் பகலில் தூங்கலாமா?

தூங்குங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குக் கீழிறங்கி ஓடும் வருஷம் விடியற்காலையில் அங்கேதான் தொடக்கம். டர்பனிலிருந்து போகிறவர்கள் இரண்டு மணிக்கே எழ வேண்டியிருக்கும். அந்த ராத்திரி பதற்றத்தில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. அதனால் சனிக்கிழமை முற்பகலில் 90 நிமிஷம் தூங்கிப் பதினொன்றரைக்குள் எழுந்துவிடுங்கள். ஏழரைக்குப் படுத்தால் எட்டு மணி நேரக் கணக்கும் சரியாக வரும். அதைவிட முக்கியம், அதற்கு முந்தின நாலைந்து ராத்திரியும் அரை மணி, முக்கால் மணி நேரம் முன்னதாகப் படுப்பது. பயிற்சியும் அந்த வாரம் குறைவு, சாக்குச் சொல்ல முடியாது.

படுத்தால் தூக்கமே வரவில்லை, சும்மா கிடக்கிறேன். வீண்தானே?

கண்ணை மூடிக் கிடங்கள், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு. பாதிப் பேர் தூங்கவில்லை என்று சொல்லும்போது பத்து நிமிஷம் லேசாகத் தூங்கித்தான் இருக்கிறார்கள். குறட்டை விட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். 25 நிமிஷத்தில் எழுந்துவிடுங்கள். தூக்கம் வரும்வரை கிடப்பேன் என்று நாலு மணி வரை நீட்டினால், அது கடைசியில் வரும், வரக்கூடாத நேரத்தில்.